பட்டா வாங்குவதா, ஹயருக்குப் பிடிப்பதா? எங்கள் வீட்டு ஒரு வருசக் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். சிறு தொழில் செய்யும் நம்மூர் ஆட்களுக்கு உதவும் என்று நினைத்துத்தான் முழுக்க எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

சம்மாந்துறையில் எங்கள் தம்பி நடத்தும் அரைக்கும் மில்லைத் தெரிந்தவர்கள் தெரிந்திருப்பீர்கள். இடியப்ப மா, மிளகாய்த்தூள், கறித்தூள் பைக்கட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு கொப்பியும் பேனையும் எடுத்து வரவு செலவு எழுதுவது எங்கள் பங்கு. அரைப்பது, ஏற்றுவது, கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் தம்பி பங்கு.

சாமானை ஹயர் லொறியில்தான் அனுப்புகிறோம். போன நோன்பில், கடைசிப் பத்து தொடங்கும் நேரம், ஒரு காலையில் லொறி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வாசலில் மா மூட்டைகள் அடுக்கியபடி கிடந்தன. அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கடைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆட்களிடம் எடுத்துக்கொண்டன. அன்றைக்கு நோன்பு திறக்கும்போது தம்பி சொன்னார்:

"என்ன காக்கா, வருசத்துக்கு பத்து லட்சம் ஹயருக்குக் குடுக்குறம். சொந்தமா ஒரு பட்டா இருந்தா டீசல் காசு மட்டும்தானே? ரெண்டு வருசத்துல லொறிக்காசு வந்திரும்."

மச்சானும் அதையே சொன்னார். உம்மாவும், "வயல வித்தாவது எடுங்க மகன், புள்ள படுற பாட்டப் பாக்கேலாம இருக்கு" என்று சொல்லிவிட்டார். உம்மாவின் பெயரில் உள்ள ஒரு ஏக்கர் வயலில் ஒரு பகுதியைக் கொடுத்தாலும் காணாது, முழுவதையும் கொடுக்க வேண்டி வரும். அதனால்தான் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வயல் போனால் திரும்பி வராது.

முதலில் ஹயர் கணக்கு. இது லேசு, ஏனென்றால் கொடுத்த காசு எழுத்தில் இருக்கிறது. எங்களுக்கு மூன்று வழி. வடக்கே சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை: கடை கடையாகச் சுற்றி வர 45 கிலோமீற்றர், கூலி 6,000 ரூபாய், வாரம் ஒரு முறை. தெற்கே நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று: 70 கிலோமீற்றர், 8,000 ரூபாய், அதுவும் வாரம் ஒரு முறை. பொத்துவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை: 160 கிலோமீற்றர், 15,000 ரூபாய். கூலிக்குள் டீசலும் சாரதியும் அடக்கம். இறக்கிக் கொடுக்க எங்கள் பொடியன் ஒருவன் கூடப் போவான். சொந்த லொறி என்றாலும் அவன் போகத்தான் வேண்டும், ஆகவே அவன் சம்பளத்தை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

இரண்டு பெருநாளுக்கும் வெள்ளத்துக்கும் நாலு வாரத்தைக் கழித்து வருசத்துக்கு 48 வாரம் வைத்தோம். மொத்தம் 120 ட்ரிப், 9,360 கிலோமீற்றர், 10 இலட்சத்து 32 ஆயிரம் ரூபாய். தம்பி சொன்ன பத்து இலட்சம் சரிதான். பிழை மற்றப் பக்கத்தில் இருந்தது.

டீசலை முதலில் பார்த்தோம். பட்டா லொறி புதிதில் நல்லாகத்தான் ஓடும். ஆனால் பழைய வண்டி, சாமான் ஏற்றி, நூறு மீற்றருக்கு ஒரு கடையில் நிறுத்தி எடுத்தால் லீற்றருக்கு 13 கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். 9,360 கிலோமீற்றருக்கு 720 லீற்றர். லீற்றர் 280 ரூபாய் என்று வைத்தால் இரண்டு இலட்சத்துச் சொச்சம். தம்பியின் கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பத்தில் இரண்டைக் கழித்தால் எட்டு இலட்சம் இலாபம், அப்படியென்றால் இரண்டு வருசத்தில் லொறி சும்மா. ஊரில் வாகனம் எடுக்கிற பலருடைய கணக்கும் இவ்வளவுதான், குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

இனி டீசலுக்குப் பிறகு வருகிறவை.

சாரதி. தம்பிக்கு லைசன் இருக்கிறது, "நானே ஓடுவன்" என்றார். சரி, அவர் ஓடும் 120 நாளும் மில் யார் கையில்? மா வறுக்கும் பதத்தைப் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. ஒரு முறை பொடியன்மாரிடம் விட்டுப் போய், ஒரு அட்டம் மா கருகி வீசினோம். ஆகவே அவர் ஓடினாலும் அந்த நாளுக்கு விலை இருக்கிறது. ஆள் பிடித்தால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். 120 நாளுக்கு மூன்று இலட்சத்து 60 ஆயிரம். முழுக் கணக்கிலும் பெரிய தொகை இதுதான். ஹயர் கூலிக்குள் ஒளிந்திருந்ததால் நாங்கள் இதைக் கண்டதே இல்லை.

தேய்மானம். இந்தச் சொல் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வியில் படிப்பிக்கிற சொல், வீட்டில் யாரும் பாவிப்பதில்லை. நாங்கள் பார்த்த வண்டி 2011ஆம் ஆண்டுப் பட்டா, கேட்ட விலை 18 இலட்சம். ஐந்து வருசம் ஓடிவிட்டு விற்றால் எவ்வளவு வரும்? சிலர் 18க்கே விற்கலாம் என்றார்கள். அது 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு வந்த பேச்சு. அந்தக் காலத்தில் எடுத்த விலையை விடக் கூட்டி விற்றவர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் 2025இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அதே விலை ஐந்து வருசம் கழித்தும் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஏலாது. நாங்கள் 11 இலட்சம் என்று வைத்தோம். குறையும் 7 இலட்சத்தை ஐந்தால் பிரித்தால் வருசம் ஒரு இலட்சத்து 40 ஆயிரம். லொறி வாசலில் சும்மா நின்றாலும் இந்தக் காசு கரையும்.

பழுது. ஒயில், ஃபில்டர் வருசம் இரண்டு முறை மாற்ற 24,000. நாலு டயரும் 80,000 ரூபாய்க்கு மூன்று வருசம் வந்தால் வருசம் 27,000. மிச்சம் கிளட்ச், பிரேக், பற்றரி, ஸ்பிறிங் தகடு, எதிர்பாராத கராஜ் செலவு. எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து 75 ஆயிரம் வைத்தோம். மெக்கானிக் பாஸ் பார்த்துவிட்டு, "பதினாலு பதினைஞ்சு வருச வண்டிக்கு இது கூட இல்ல சேர்" என்றார்.

வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்று, முழுக் காப்புறுதி: 70,000.

கடைசியாக வயல். லீசிங்கில் எடுத்திருந்தால் மாதக் கட்டணத்தில் அந்த நிறுவனத்தின் இலாபம் தெரிந்திருக்கும். வட்டி வேண்டாம் என்று இஸ்லாமிய முறையில் முராபஹா, இஜாரா என்று எடுத்தாலும் மேலதிகமாகக் கொடுக்கும் தொகை செலவுதான், அது ஹலாலான செலவு, அவ்வளவே. சொந்தக் காசில் எடுத்தால் அந்தச் செலவு இல்லை என்று நினைக்கிறோம். எங்கள் வயல் குத்தகைக்குப் போகிறது. பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்குமாக உம்மாவுக்கு வருசம் 80,000 ரூபாய் கிடைக்கிறது. வயலை விற்று லொறி எடுத்தால் அந்த 80,000 நின்றுபோகும். அதையும் லொறியின் செலவில்தான் எழுத வேண்டும். இதை எழுதியபோது உம்மா எட்டிப் பார்த்து, "இது எனக்கு விளங்குது" என்றார்.

கூட்டினால்: டீசல் 2,01,600. சாரதி 3,60,000. தேய்மானம் 1,40,000. பழுது 1,75,000. காப்புறுதி, அனுமதிப்பத்திரம் 70,000. வயல் 80,000. மொத்தம் 10 இலட்சத்து 26 ஆயிரத்து 600.

ஹயர் 10 இலட்சத்து 32 ஆயிரம்!

தம்பி கல்குலேட்டரை வாங்கி இரண்டு முறை அடித்துப் பார்த்தார். எட்டு இலட்சம் இலாபம் என்று தொடங்கிய பேச்சு 5,400 ரூபாயில் வந்து நின்றது.

பிறகு அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அப்ப ஹயர் வராத நாளுக்குக் கணக்கு இல்லையா?" இருக்கத்தான் வேண்டும். போன வருசத்துக் கொப்பியைப் புரட்டினோம். ஐந்து நாள் லொறி வரவில்லை. மூன்று நாள் மறுநாளே வேறு வண்டி பிடித்துச் சமாளித்திருக்கிறோம். நோன்பில் ஒன்றும் அறுவடை நேரத்தில் ஒன்றும், ஆக இரண்டு நாள்தான் உண்மையான நட்டம். ஊரில் நெல் வெட்டு நடக்கும்போது சின்ன லொறி, பெரிய லொறி எல்லாம் மூட்டை ஏற்றப் போய்விடும், மாவுக்கு வண்டி கிடைக்காது. அந்த இரண்டு நாளுக்கும் விட்டுப்போன இலாபம் 40,000 அளவில் வந்தது. அதை ஹயர் பக்கம் எழுதினோம்.

ஆனால் சொந்த லொறியும் கராஜில் படுக்கும். வருசத்துக்குப் பத்து ட்ரிப் அப்படிப் போகும் என்று வைத்தால், அந்தப் பத்துக்கும் ஹயர் பிடிக்க 86,000 வேண்டும். சொந்த டீசலும் சாரதிக் கூலியும் மிச்சமாவதைக் கழித்தால் 39,000 மேலதிகச் செலவு. வராத லொறி 40,000, படுத்த லொறி 39,000. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

அப்போதுதான் வேறு விதமாகப் பார்த்தோம். எந்தச் செலவு ஓடினால் மட்டும் வருகிறது, எது ஓடாவிட்டாலும் வருகிறது? தேய்மானம், காப்புறுதி அனுமதிப்பத்திரம், வயல் குத்தகை ஆகிய மூன்றும் ஓடாவிட்டாலும் வரும். பழுதிலும் ஒரு 75,000 அப்படித்தான். பற்றரி சும்மா நின்றாலும் இறங்கும், றப்பர் காயும், கடற்காற்றில் தகடு துருப்பிடிக்கும். ஆக மூன்று இலட்சத்து 65 ஆயிரம் நிலையாக நிற்கும் செலவு. மிச்சத்தை 120 ட்ரிப்பால் பிரித்தால் ஒரு ட்ரிப்புக்குச் சொந்த லொறியில் 5,500 ரூபாய் போகிறது. ஹயரில் சராசரி 8,600. அதாவது ஒவ்வொரு முறை ஓடும்போதும் சொந்த லொறி கிட்டத்தட்ட 3,100 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. அந்த 3,100ஐக் கொண்டு மூன்று இலட்சத்து 65 ஆயிரத்தை அடைக்க 118 ட்ரிப் வேண்டும்.

எங்களுக்கு இருப்பது 120.

இந்த 118ஐக் கண்டுபிடித்ததுதான் இவ்வளவு வேலையிலும் உருப்படியான விசயம். இதற்குக் கீழே ஓடுகிறவருக்கு ஹயர், நன்றாக மேலே ஓடுகிறவருக்குச் சொந்தம். உங்கள் எண் வேறாக இருக்கும். வீட்டில் வேலையில்லாமல் ஒரு மகன் இருந்து அவர் ஓட்டினால் சாரதிக் கூலி குறையும், எண் நன்றாக இறங்கும். லீசிங்கில் எடுத்தால் ஏறும்.

தம்பி விடவில்லை. "மிச்ச நாள்ல ஹயர் ஓட்டலாமே காக்கா, வருசத்துல 245 நாள் சும்மாதானே நிக்கும்." ஓட்டலாம். ஆனால் அதற்கு ஆள் தேட வேண்டும், போன் வந்தால் ஓட வேண்டும், மில் வேலையை விட வேண்டும். அது இன்னொரு தொழில். மற்றது, சொந்தச் சாமான் ஏற்ற என்று காப்புறுதி எடுத்துவிட்டுக் கூலிக்கு ஓடினால், விபத்து நடந்த அன்றைக்குப் பிரச்சினை. ஹயர் ஓடுவதென்றால் அதைச் சொல்லித்தான் காப்புறுதி எடுக்க வேண்டும், கட்டணமும் வேறு.

இதற்கிடையில் அந்த 2011 வண்டியையும் போய்ப் பார்த்தோம். மெக்கானிக் பாஸ் கூட வந்தார். நாங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடாமல் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பாஸ் ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். பாற்கட்டி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒயிலோடு தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்றார். பின்னால் ஸ்பிறிங்கில் மேலதிகமாக ஒரு தகடு அடித்திருந்தது. 750 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் அதற்கு மேல் ஏற்றிப் பழகியதற்கு அது அடையாளமாம். புத்தகம் இன்னும் நிதி நிறுவனத்தின் பெயரில் கிடந்தது. "ஓப்பன் பேப்பர்ல தாறன், பிறகு மாத்திக்கலாம்" என்றார் விற்கிறவர். ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஆனால் பழுதுக் கணக்கில் நாங்கள் வைத்த தொகை கூட இல்லை என்று அன்றைக்கு விளங்கியது.

முடிவை மாற்றியது பொத்துவில் வழிதான். ட்ரிப்களை எண்ணும்போது ஒன்றைக் கண்டோம். பொத்துவிலுக்குப் போகும் லொறி 300 கிலோவோடு போகிறது. அக்கரைப்பற்றுக்குப் போகும் லொறி 400 கிலோவோடு போகிறது. பொத்துவில் லொறி அக்கரைப்பற்றைத் தாண்டித்தானே போகிறது! வருசக்கணக்காக ஒரே வாரத்தில் ஒரே றோட்டால் இரண்டு நாள் இரண்டு லொறி அனுப்பியிருக்கிறோம். பொத்துவில் போகும் வாரத்தில் இரண்டையும் சேர்த்தால் 700 கிலோ, ஒரு பட்டாவுக்குள் அடங்கும். சுபஹுக்குப் பிறகு வெளிக்கிட்டால் இரவாகித்தான் வந்து சேரும், அதற்கு 18,000 ரூபாய் கேட்டார்கள், சரி என்றோம். முன்பு 15,000மும் 8,000மும் கொடுத்த இடத்தில் இப்போது 18,000. 24 தடவைக்கு ஒரு இலட்சத்து 20 ஆயிரம் மிச்சம். ஹயர்ச் செலவு 9 இலட்சத்து 12 ஆயிரத்துக்கு இறங்கியது.

சொந்த லொறியிலும் இப்படிச் சேர்த்து ஓடலாம்தானே என்று கேட்பீர்கள். ஓடலாம். டீசலும் சாரதிக் கூலியும் குறையும். நீண்ட நாளுக்குச் சாரதிக்கு 4,000 கொடுப்பதாக வைத்து அதையும் போட்டுப் பார்த்தோம். 9 இலட்சத்து 48 ஆயிரம் வந்தது. நிலையான அந்த மூன்று இலட்சத்து 65 ஆயிரத்தில் ஒரு சதமும் குறையவில்லை, அதைத் தாங்க இப்போது 96 ட்ரிப்தான் இருக்கிறது. ஹயர் 36,000 ரூபாய் மலிவு, வயலும் கையில்.

வராத லொறிக்கு என்ன செய்தோம்? நாளுக்கு ஒருவரைப் பிடிப்பதை நிறுத்தி, ஊரில் ஒரு பட்டாக்காரரோடு மட்டும் பேசினோம். வாரத்தில் இன்ன இரண்டு நாள் எங்களுடையது, காசு மாத முடிவில் மொத்தமாக. அவருக்கும் நிச்சயமான வருமானம். அவர் வர முடியாவிட்டால் முதல் நாள் அஸருக்கு முன் சொல்ல வேண்டும், பதிலுக்கு வண்டி தர வேண்டும். மழைக்குப் படங்கு அவருடையது, நனைந்த மாவுக்குப் பாதிப் பொறுப்பு அவருக்கு. ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம்.

டீசலுக்கும் ஒரு வரி எழுதினோம். எண்ணெய் விலை மாதாமாதம் மாறுகிறது. லீற்றருக்கு 20 ரூபாய் ஏறினால் ஹயர்க்காரர்கள் ட்ரிப்புக்கு ஆயிரம் கேட்பது வழக்கம். கணக்குப்படி எங்கள் சராசரி ட்ரிப்புக்கு 6, 7 லீற்றர்தான் எரிகிறது. 20 ரூபாய் ஏறினால் 140 ரூபாய்தான் கூட வேண்டும். தாராளமாக 200 என்று எழுதினோம். இறங்கினால் 200 குறைப்பது என்றும் எழுதினோம். அவர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரோட ஹயர் பேசினா இதுதான்" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

இந்த ஏற்பாடு தொடங்கி நாலு மாதம். ஒரு முறை வண்டி பழுது, சொன்னபடி முதல் நாளே தகவல் தந்து மச்சினனின் வண்டியை அனுப்பினார்.

தம்பிக்கு இன்னும் பட்டா ஆசை போகவில்லை, போக வேண்டும் என்றும் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் ஒரு வழி திறக்கப் பார்க்கிறார். அது வாரம் ஒரு ட்ரிப்பாகப் பிடித்தால் 96இலிருந்து 144க்குப் போவோம், அப்போது கணக்கு மறுபக்கம் சாயும். மில் சுவரில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு கோடு போட்டு வருகிறோம். அடுத்த நோன்புப் பெருநாள் கழித்து கோடுகளை எண்ணிப் பார்ப்பதாகப் பேச்சு. அதுவரைக்கும் வயலைக் குத்தகைக்காரரே செய்யட்டும் என்று உம்மா சொல்லிவிட்டார்.

பட்டா வைத்திருக்கிறவர்கள் உங்கள் பழுதுச் செலவு வருசம் எவ்வளவு என்று கீழே எழுதினால், எங்கள் ஒரு இலட்சத்து 75 ஆயிரம் சரியா என்று பார்த்துக்கொள்வோம்.